கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: பிளீ பார்கெய்னிங்கில் உங்கள் தம்பி எதைக் கொடுக்கிறார், நடுவர் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி: "என் தம்பி லாரி டிரைவர். போன வருடம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடந்த விபத்தில் பைக்கில் வந்தவர் இறந்துவிட்டார், பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் கால் முறிவு. தர்மபுரியில் கேஸ் நடக்கிறது. 'பிளீ பார்கெய்னிங் போட்டு ஒத்துக்கொள், ஃபைனோடு முடியும்' என்று லாரி ஓனர் தரப்பில் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் தம்பி எதை இழக்கிறான்? ஜட்ஜ் ஏதாவது விசாரிப்பாரா, அப்படியே ஏற்றுக்கொள்வாரா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோர்ட் வளாகத்தில் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுறது' என்று சொல்வது வேறு, பிளீ பார்கெய்னிங் வேறு. ஹெல்மெட் கேஸ், பொது இடத்தில் சண்டை என்று சின்ன வழக்குகளில் கூண்டில் ஏறி 'ஆமாங்கய்யா' என்று சொல்லி, அபராதம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்களே, அது வெறும் குற்ற ஒப்புதல். அங்கே பேரம் எதுவும் கிடையாது. பிளீ பார்கெய்னிங், அதாவது குற்றத்தை ஒத்துக்கொண்டு குறைந்த தண்டனை கேட்கும் பேரம், 2006 ஜூலை 5 முதல் நம் சட்டத்தில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஏ அத்தியாயம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., சட்டத்தின் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகள். மனு, பிரமாணப் பத்திரம், தனி விசாரணை, பேச்சுவார்த்தை, அறிக்கை, தீர்ப்பு என்று அதற்கென்று ஒரு பாதை இருக்கிறது. உங்களிடம் பேசியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். 'ஃபைனோடு முடியும்' என்ற வார்த்தை முதல் வகை வழக்குகளின் வார்த்தை.

அமெரிக்கப் படங்களில் வருகிற மாதிரி, அரசு வக்கீல் கொலைக் குற்றச்சாட்டைக் கைவிட்டு ஒரு சின்னக் குற்றத்துக்கு இறக்கிக் கொடுப்பதெல்லாம் நம் அத்தியாயத்தில் கிடையாது. போலீஸ் எந்தப் பிரிவில் குற்றப்பத்திரிகை போட்டு, எந்தப் பிரிவில் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முறைப்படி குற்றச்சாட்டை வனைந்தாரோ, அதே பிரிவில்தான் தீர்ப்பு. குறைவது தண்டனை மட்டும்.

உங்கள் தம்பி வழக்கில் அது எவ்வளவு குறையும்? இங்கேதான் காகிதமும் பேனாவும் வேண்டும். விபத்து 2024 ஜூலைக்குப் பிறகு நடந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். அஜாக்கிரதையால் மரணம் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-வது பிரிவு. அதிகபட்சம் ஐந்து வருடம், அதாவது 60 மாதம். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. அப்படிப்பட்ட குற்றத்துக்கு, பேரம் முடிந்ததும் அதிகபட்சத் தண்டனையில் நாலில் ஒரு பங்கு விதிக்கலாம் என்கிறது 293-வது பிரிவு. அது 15 மாதம். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மாதம். இந்த ஆறில் ஒரு பங்கு சலுகை பழைய சட்டத்தில் கிடையாது, புதிதாக வந்தது.

ஆக, சட்டம் எழுதி வைத்திருக்கிற கணக்கு பத்து மாதச் சிறை. ஃபைன் அல்ல. 'விதிக்கலாம்' என்ற சொல்லை வைத்து இரண்டு விதமாக வாதிடலாம்: பத்து மாதம் என்பது மேல் வரம்பு, நடுவர் அதற்கும் கீழே போகலாம் என்பது ஒன்று. அந்தப் பங்கைத்தான் விதிக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ வழியில்லை என்பது மற்றொன்று. நான் முதல் வாதத்தைத்தான் வைப்பேன். ஆனால் உங்கள் தம்பியை அதை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

சிறையே இல்லாமல் வெளியே வர இன்னொரு வாசல் இருக்கிறது. தண்டனை அளவைப் பேசும்போது நன்னடத்தைப் பிணையில், அதாவது புரொபேஷனில் விடலாமா என்பதையும் நடுவர் கேட்க வேண்டும். 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டமோ பி.என்.எஸ்.எஸ். 401-வது பிரிவோ பொருந்தினால் அப்படியே விட்டுவிடலாம். 'ஜெயில் இருக்காது' என்று சொல்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் மனதில் இருப்பது இதுதான். ஆனால் 2000-ஆம் ஆண்டில் தல்பீர் சிங் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி ஓட்டி உயிரைப் பறித்த வழக்குகளில் புரொபேஷன் கொடுப்பதைச் சாதாரண விஷயமாக ஆக்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொன்னது. அந்தத் தீர்ப்பை அரசு உதவி வழக்கறிஞர் எடுத்து நீட்டினால் நடுவர் தயங்குவார். கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். உங்கள் தம்பி அநேகமாக ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க மாட்டார். உள்ளே இருந்த நாள்களைத் தண்டனையில் கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. இதையே வேறு ஆளுக்கு வைத்துப் பாருங்கள். ஓசூரில் ஒரு பையன் திருட்டு வழக்கில் மாட்டி, ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் ஆறு மாதமாக உள்ளே கிடக்கிறான். திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், முதல் தடவை என்றால் ஆறில் ஒரு பங்கு ஆறு மாதம். தீர்ப்பு வந்த அன்றைக்கே அவன் வெளியே வரலாம். இந்த அத்தியாயம் நிஜமாகவே உதவுவது அந்த மாதிரி ஆளுக்கு. வெளியே இருந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற உங்கள் தம்பி, வெளியே இருப்பதைக் கொடுத்துப் பத்து மாத ஆபத்தை வாங்குகிறார்.

சரி, எதை இழக்கிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். 'விசாரணை உரிமையை இழக்கிறார்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் அதன் கனம் தெரியாது. இந்த வழக்கில் விசாரணை என்றால் என்ன என்று பார்ப்போம். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது விபத்து நடந்தது என்பதையோ ஒருவர் இறந்தார் என்பதையோ அல்ல. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. உங்கள் தம்பி அஜாக்கிரதையாகவோ முரட்டுத்தனமாகவோ ஓட்டினார் என்பதையும், அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். நம்மூர்க் குற்றப்பத்திரிகைகளில் அதற்கு ஒரே வாக்கியம் அச்சடித்த மாதிரி வரும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. 1998-இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், அதுவும் ஒரு லாரி வழக்குதான், 'அதிவேகம்' என்று சாட்சி சொன்னால் மட்டும் அஜாக்கிரதை ஆகிவிடாது, எவ்வளவு வேகம், எந்தச் சூழ்நிலை என்று காட்ட வேண்டும் என்று சொல்லி விடுதலையை உறுதி செய்தது.

தொப்பூர் இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். பாரம் ஏற்றிய லாரி தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். அது டிரைவர் கியரைக் குறைக்காமல் நியூட்ரலில் விட்டதால் ஆனதா, ஓனர் பிரேக் லைனிங் மாற்றாததால் ஆனதா? முதலாவது டிரைவர் தவறு, இரண்டாவது அப்படியல்ல. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுத்திருப்பார். 'இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை' என்று பல அறிக்கைகளில் ஒரு வரி இருக்கும். வண்டியை ஓட்டிப் பார்த்தாரா, எத்தனை நாள் கழித்துப் பார்த்தார், சக்கரத்தைக் கழற்றி லைனிங்கைப் பார்த்தாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தில் பைக் எந்தப் பக்கம் கிடந்தது, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கியது என்று கேட்கலாம். நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவரா, மோதுவதைப் பார்த்தவரா என்று கேட்கலாம். பிளீ பார்கெய்னிங் மனு தீர்ப்பில் முடிந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கப் போவதில்லை. அவர் கொடுத்துவிடுகிற 'விசாரணை உரிமை' இதுதான்.

பேசாமல் இருக்கும் உரிமையும் அதோடு போகிறது. அரசியலமைப்பின் 20(3) எந்தக் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நிரூபிக்கும் சுமை முழுக்க அரசின் தோளில் இருந்தது. அதை இவரே இறக்கி வைத்துவிடுகிறார்.

அடுத்தது மேல்முறையீடு. இதுதான் பலர் கவனிக்காதது. சும்மா குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனை பெற்றவர்கூட, தண்டனையின் அளவு அதிகம், அது சட்டப்படி சரியில்லை என்று செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். பிளீ பார்கெய்னிங்கில் வந்த தீர்ப்புக்கு அதுவும் கிடையாது. 295-வது பிரிவின்படி தீர்ப்பு இறுதி. மிச்சமிருப்பது அரசியலமைப்பின் 226, 227-ன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, 136-ன் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. தர்மபுரியிலிருந்து ஒரு லாரி டிரைவர் அவ்வளவு தூரம் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் லைசென்ஸ். இது முழுத் தண்டனைத் தீர்ப்பு, சமரசம் அல்ல. வண்டியை வைத்து நடந்த குற்றத்தில் தண்டனை கொடுக்கிற நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டம் 20-வது பிரிவின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு வண்டி ஓட்டத் தகுதியில்லை என்றும் உத்தரவிடலாம். பிழைப்பே ஸ்டியரிங்கில் இருக்கிறவருக்கு இது பத்து மாதச் சிறைக்குக் குறைந்ததல்ல. பேச்சுவார்த்தையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விட்டால், தீர்ப்பு நாளில்தான் தெரியும். நாளைக்கு இதே மாதிரி இன்னொரு விபத்து நடந்தால் பிளீ பார்கெய்னிங் கதவும் மூடியிருக்கும், ஒரே குற்றத்துக்கு இரண்டாவது தடவை கிடையாது. 'முதல் தடவை' என்ற சலுகையும் எல்லா வழக்குகளிலும் போய்விடும். புரொபேஷனில் விட்டால் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரைப் பாதிக்காது என்கிறது.

இழக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மனுவிலும் பேச்சுவார்த்தையிலும் அவர் சொன்னவற்றை இந்த அத்தியாயத்தின் தேவைக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது 299-வது பிரிவு. பேரம் முறிந்து வழக்கு விசாரணைக்குத் திரும்பினால், 'நீதான் ஒத்துக்கொண்டாயே' என்று அரசுத் தரப்பு அதைச் சாட்சியமாக வைக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சொன்ன வார்த்தைகளுக்குத்தான். பேரம் முடிந்து வந்த தீர்ப்பு பொது ஆவணம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அதன் நகலை யாரும் தாக்கல் செய்யலாம். நடைமுறையில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஒத்துக்கொள்ள வந்ததைத் தனியறையில் கேட்ட அதே நடுவர்தான் பெரும்பாலும் விசாரணையையும் நடத்துவார். சட்டம் மறக்கச் சொல்கிறது, மனிதர் எவ்வளவு மறப்பார் என்பது அவரவர் மனது.

இனி நடுவர் பக்கம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் முதலிலேயே தடையாக வரலாம்: காலை முறித்துக்கொண்டவர் ஒரு பெண். ஏழு வருடத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றம், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிக்கும் என்று மத்திய அரசு அறிவித்த சட்டங்கள், பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிராக இழைக்கப்பட்ட குற்றம், இவற்றுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. 106(1)-க்கு ஐந்து வருடம்தான், அது உள்ளே வரும். ஆனால் மனைவியின் கால் முறிவுக்காக 125(பி) பிரிவையும் சேர்த்திருப்பார்கள். 'பெண்ணுக்கு எதிராக' என்ற சொற்கள், பெண் என்பதாலேயே குறிவைக்கப்பட்ட குற்றங்களைத்தான் சொல்கின்றன, சாலையில் யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் நடந்த விபத்தை அல்ல என்று நான் வாதிடுவேன். 'சட்டத்தில் அப்படிப் பிரிவினை இல்லை, பாதிக்கப்பட்டவர் பெண், அவ்வளவுதான், மனு தள்ளுபடி' என்று ஒரு நடுவர் சொன்னால் அதையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது, எழுத்து அப்படித்தான் இருக்கிறது. குடித்திருந்தார் என்று சொல்லி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105-வது பிரிவைச் சேர்த்திருந்தால் பேச்சே இல்லை, அது ஏழு வருடத்துக்கு மேல் போகிற பிரிவு. ஆகவே குற்றப்பத்திரிகையில் எந்தெந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

அடுத்து அவர் பார்க்க வேண்டியது தேதி. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு வர வேண்டும். இதுவும் புதுச் சட்டத்தில் வந்தது. தாமதத்தை மன்னிக்க அந்த அத்தியாயத்தில் தனியாக வழி எழுதப்படவில்லை. பிறகு பிரமாணப் பத்திரம். தன் விருப்பத்தோடு வந்திருக்கிறேன், இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் என்ன தண்டனை, எவ்வளவு என்பது தெரிந்துதான் வந்திருக்கிறேன், இதே குற்றத்துக்கு முன்பு தண்டனை பெற்றதில்லை, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். மனுவில் கையெழுத்து இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் தடுமாறுகிற இடம் அதற்கு அடுத்தது. நடுவர் குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தனியறையில் விசாரிக்க வேண்டும். அப்போது எதிர்த்தரப்பு யாரும் அங்கே இருக்கக் கூடாது. அரசு உதவி வழக்கறிஞரும் இல்லை, போலீசும் இல்லை, இறந்தவர் வீட்டாரும் இல்லை. மனு அவர் விருப்பத்தோடு வந்ததுதானா என்று நடுவர் திருப்திப்பட வேண்டும்.

இந்தக் கட்டத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றுகிற பிக்கப் வண்டி, ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் அடிபட்டு இறந்துவிட்டார். டிரைவருக்கு 106(1). மனுவும் பிரமாணப் பத்திரமும் தயாரித்தது என் அலுவலகம்தான். தண்டனைக் கணக்கை நானே அவருக்கு விளக்கியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். அறைக்குள் நடுவர் முதலில் அவரை உட்காரச் சொன்னார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். "எட்டாவதுங்கய்யா." மனுவை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு உன் வார்த்தையில சொல்லு" என்றார். "கேஸ் முடியறதுக்குங்கய்யா." "முடிஞ்சா என்ன ஆகும்?" "ஃபைன் கட்டணுங்க. மொதலாளி கட்டிடறேன்னுட்டாருங்க." "ஜெயில்?" "அதெல்லாம் இல்லைன்னாங்க." "யார் சொன்னாங்க?" அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியேதான் வண்டி ஓனரின் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

நடுவர் அதற்கு மேல் அதிகம் கேட்கவில்லை. பத்து மாதம் சிறை வரலாம், லைசென்ஸ் போகலாம், மேல்முறையீடு கிடையாது, இதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாயா என்று மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். மனு தன்னிச்சையானது அல்ல என்று எழுதி, வழக்கை நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்லிவிட்டார். என் அலுவலகம் தயாரித்த மனு அப்படித் திரும்பியதில் எனக்கு வெட்கம்தான். விளக்குவதும் அவர் காதில் விழுவதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு பிரமாணப் பத்திரம் எழுதும் முன், கட்சிக்காரரையே அவர் வாயால் தண்டனைக் கணக்கைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வருகிற நாளெல்லாம் அவருக்கு ஒரு டிரிப் போகிறது. விடுதலை ஆவார் என்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லா நடுவரும் அவ்வளவு கேட்பார்களா? கேட்க வேண்டும் என்பது கடமை. எப்படிக் கேட்க வேண்டும், என்னென்ன கேள்வி என்று சட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. 'நீயா விரும்பி வந்தியா?' 'ஆமாங்கய்யா' என்று ஒரு நிமிடத்தில் முடித்தாலும் அறைக்குள் விசாரித்தது விசாரித்ததுதான் என்று பதிவாகும். குறிப்பாக இரண்டு விஷயங்களைச் சட்டம் நடுவர் மேல் வெளிப்படையாக வைக்கவில்லை. லைசென்ஸ், வேலை போன்ற பக்க விளைவுகளை அவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை, பிரமாணப் பத்திரம் தண்டனையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஒத்துக்கொள்வதற்கு வழக்கில் உண்மையான அடிப்படை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தனி வரியும் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் விதி 11-இல் அந்த வரி இருக்கிறது, நீதிபதி அதைப் பார்க்காமல் தீர்ப்பளிக்க முடியாது. நம்மிடம் அது நடுவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. நல்ல நடுவர் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் வரைபடத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார். இது நம் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

திருப்தியானால் அறுபது நாளுக்கு மிகாமல் நேரம் கொடுப்பார். அரசு உதவி வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, உங்கள் தம்பி, பாதிக்கப்பட்டவர் எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். இறந்தவரின் சட்டப்படியான வாரிசும் 'பாதிக்கப்பட்டவர்' என்ற வரையறைக்குள் வருவார். அவர்களை அழைக்காமல் நடந்த கூட்டம் நிற்காது. உங்கள் தம்பி தன் வக்கீலோடு போகலாம். இழப்பீடு, வழக்குச் செலவு இங்கே பேசப்படும். இதிலும் ஒரு குழப்பம் வரும்: இங்கே பேசும் தொகை உங்கள் தம்பி கையிலிருந்து கொடுப்பது. இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டிய இழப்பீடு விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக நடப்பது. இரண்டையும் சேர்த்துப் பேசி, டிரைவர் தலையில் லட்சக்கணக்கில் எழுதிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வந்தால் அறிக்கையில் நடுவரும் கலந்துகொண்ட எல்லாரும் கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் அதைப் பதிவு செய்து வழக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். அதாவது அறிக்கையில் கையெழுத்து விழும் வரை உங்கள் தம்பி 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று சொல்லலாம், யாரும் அவரைத் தடுக்க முடியாது. அறிக்கை வந்த பிறகு தண்டனை அளவு பற்றி இரண்டு தரப்பையும் கேட்டு, திறந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு.

நடுவருக்கு ஏன் இவ்வளவு கடமை என்றால், அதற்குப் பின்னால் ஒரு பழைய கசப்பு இருக்கிறது. இந்த அத்தியாயம் வருவதற்கு முன்னாலேயே பேரம் திரைமறைவில் நடந்தது. உச்ச நீதிமன்றத்தில் முடிந்த திப்பேசாமி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உங்கள் தம்பி மாதிரியே அஜாக்கிரதையால் மரணம் என்ற குற்றச்சாட்டுக்கு ஒருவர் ஒத்துக்கொண்டு அபராதத்தோடு வந்தார். அரசு மேலே போனது, உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. லேசாக விட்டுவிடுகிறோம் என்று ஆசை காட்டி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டு, பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'ஒத்துக்கோ, ஃபைன்தான்' என்று வாய்மொழியாகச் சொல்கிற எவர் சொல்லையும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பியின் வக்கீலுக்குப் பணம் கொடுப்பது யார்? ஓனர் என்றால், பிரேக் லைனிங் பற்றிய கேள்வி ஓனருக்கும் சங்கடம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வக்கீல் நேர்மையானவராகவே இருக்கலாம், இருந்தாலும் வேறொருவரிடம் ஒரு தடவை காகிதங்களைக் காட்டுவதில் தப்பில்லை. கையில் காசு இல்லையென்றால் தர்மபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தகுதி இருந்தால் அங்கே வக்கீலை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். போகும்போது குற்றப்பத்திரிகை, மாதிரி வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றின் நகலையும் கொண்டு போங்கள். இந்த நகல்களை இலவசமாகப் பெற அவருக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னால் குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில் என்று விசாரித்து இங்கே எழுதுங்கள். 30 நாள் தாண்டியிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி போகும்.